பால் டம்ளரை நிறுத்தும் முன்: சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களைக் கணக்குப் பார்த்து வாங்கும் முறை

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் உள்ள பெரிய கடைகளில் சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்கள் இப்போது ஒரே அடுக்கில் நிற்கின்றன. மூன்றும் வெள்ளையாக இருக்கின்றன. மூன்றும் ஒரு லிட்டர் அட்டைப் பெட்டியில் வருகின்றன. பாதாம் விலையுயர்ந்த பொருள், அதனால் பாதாம் பானமே சத்து மிக்கது என்று நினைத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். உண்மையில் இந்த மூன்றில் பாலின் இடத்தில் உட்காரத் தகுதி மிகக் குறைந்தது அதுதான். பாலை நிறுத்த வேண்டிய நிலையில் இருக்கும் வீட்டார், கடைக்குப் போகும் முன் செய்யவேண்டிய கணக்கை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு டம்ளர் என்று நான் சொல்லும் இடமெல்லாம் 200 மில்லி லிட்டர் என்று கொள்ளுங்கள்.

முதல் படி: எதற்காக நிறுத்துகிறீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் பெட்டி வாங்கக் கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது, பேதியாகிறது என்றால் பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததுதான் காரணம். இப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். தோய்க்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது, மீதியைச் செரிக்கத் தயிரில் உள்ள நுண்ணுயிர்களும் உதவுகின்றன. லாக்டோஸ் நீக்கிய பாலும் கடைகளில் கிடைக்கிறது. தயிர் ஒத்துக்கொண்டால் உங்களுக்கு இந்த அடுக்குப் பக்கமே வேலையில்லை. தயிரில் புரதமும் கால்சியமும் பாலில் இருக்கும் அளவே இருக்கின்றன.

பாலின் புரதமே ஒவ்வாமை தருகிறது என்றால் அது வேறு விஷயம். உடலில் தடிப்பு, வாந்தி, முகம் வீங்குதல், மூச்சிரைப்பு போன்றவை வந்தால் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டே அடுத்த முடிவுக்குப் போகவேண்டும். அப்போது தயிரும் இல்லை, பன்னீரும் இல்லை, கோவா சேர்த்த ஆற்காடு மக்கன் பேடாவும் இல்லை. ஸ்வீட் ஸ்டாலில் சூடாகக் கொடுக்கும் பாதாம் பாலும் கூடாது. அது மாட்டுப் பாலில் பாதாம் அரைத்துப் போட்டது. பெட்டியில் வரும் பாதாம் பானத்தோடு அதைக் குழப்பிக்கொண்டு ஒவ்வாமைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவது ஆபத்து. பெட்டியில் வரும் தாவர பானத்துக்குப் பால் என்று பெயரிட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதில்லை என்பதால் அதில் பானம் என்றே போட்டிருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. அதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த மூன்றில் எதுவும் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் சொல்லும் குழந்தைப் பால் மாவுக்கோ மாற்று ஆகாது. ஒன்று முதல் ஐந்து வயது வரை பாதாம், ஓட்ஸ் பானங்களை முக்கியப் பானமாக வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கே சொல்லும்.

இரண்டாம் படி: பால் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தது?

காட்பாடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பையன். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர் ஆவின் நீலப் பாக்கெட் பால் குடிக்கிறான். சமன்படுத்திய பாலில் 100 மில்லி லிட்டருக்குப் புரதம் சுமார் 3 கிராம், கால்சியம் சுமார் 120 மில்லி கிராம். இரண்டு டம்ளர் என்பது 400 மில்லி லிட்டர். ஆக 12 கிராம் புரதமும் 480 மில்லி கிராம் கால்சியமும் அவனுக்குப் பாலிலிருந்தே வந்துகொண்டிருந்தன.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் சுமார் 16 கிராம், கால்சியம் 550 மில்லி கிராம். பாலை நிறுத்தினால் இரண்டிலும் பெரிய பள்ளம் விழுகிறது என்பது தெரிகிறது. ஆனால் இரண்டு பள்ளமும் ஒன்றல்ல. புரதம் பருப்பில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, வேர்க்கடலையில் இருக்கிறது, இட்லியின் உளுந்திலும் இருக்கிறது. சாம்பார், சுண்டல், ஒரு முட்டை என்று ஒழுங்காகச் சாப்பிடும் பையனுக்குப் புரதத்தைச் சாப்பாடு ஈடுகட்டிவிடும். கால்சியம் அப்படியில்லை. வெள்ளை அரிசி 100 கிராமில் கால்சியம் 10 மில்லி கிராமைக்கூடத் தொடாது. சோறும் இட்லியும் தோசையுமாக நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் அரிசியிலிருந்து கிடைப்பது சொற்பம். நம் பக்கத்துச் சாப்பாட்டில் பால் நின்றுபோகும்போது முதலில் தேடவேண்டியது கால்சியத்தைத்தான். பெட்டியின் முகப்பில் புரதத்தைப் பெரிதாகப் போட்டு விற்பதால் பலருக்கும் இது கண்ணில் படுவதில்லை.

மூன்றாம் படி: பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முகப்பில் உள்ள படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். முதலில் மூலப்பொருள் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வரும். எனவே தண்ணீர் முதலில் இருக்கும். அதற்கடுத்து அந்தப் பானத்தின் பெயருக்குக் காரணமான பொருள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

பாதாம் பானத்தில் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம்தான் பாதாம். மூன்று சதவீதம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு டம்ளருக்கு 6 கிராம் பாதாம், அதாவது ஐந்து அல்லது ஆறு பருப்பு. பாதாமில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். ஆக டம்ளருக்குச் சுமார் ஒரு கிராம். வேலூர் லாங் பஜாரில் கால் கிலோ பாதாம் வாங்கி, இரவு ஊறவைத்து, காலையில் ஆறு பருப்பைத் தோல் உரித்துக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அதே சத்து கிடைத்துவிடும், நார்ச்சத்தும் வீணாகாது. பாதாம் பானத்தில் கலோரி குறைவு என்பது எடை குறைக்க விரும்பும் பெரியவருக்கு நல்ல செய்தி. வளரும் பிள்ளைக்கு அதுவே குறை.

ஓட்ஸ் பானத்தில் ஓட்ஸ் சுமார் 10 சதவீதம் இருக்கும். புரதம் 100 மில்லி லிட்டருக்கு ஒரு கிராம் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. தயாரிக்கும்போது ஒரு நொதியைச் சேர்த்து ஓட்ஸின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறார்கள். இல்லாவிட்டால் பானம் கூழ்போல் கெட்டிப்பட்டுவிடும். அதனால்தான் சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் பானமும் இனிக்கிறது. பெட்டியில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரிகள் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர் இரண்டாவது வரியில் பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது, முதல் வரியையும் பார்க்கவேண்டும்.

சோயா பானத்தில் 100 மில்லி லிட்டருக்கு 2.5 முதல் 3.5 கிராம் வரை புரதம் உண்டு. அளவில் மட்டுமல்ல, தரத்திலும் அது பாலுக்கு அருகில் நிற்கிறது. உடலுக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆகவேண்டிய அமினோ அமிலங்கள் சோயாவில் போதிய அளவு இருக்கின்றன. ஓட்ஸ், பாதாம் இரண்டிலும் லைசின் என்ற ஒன்று குறைவு. அரிசியிலும் அதுவே குறைவு என்பதால், சோறு சாப்பிடும் வீட்டுக்கு ஓட்ஸ் பானம் கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை. அமெரிக்க அரசின் 2020ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, பால் வகை என்ற தொகுதிக்குள் அனுமதித்த தாவர பானம் சத்து சேர்த்த சோயா பானம் ஒன்றே. பாதாமையும் ஓட்ஸையும் அது வெளியே நிறுத்திவிட்டது. ஆனாலும் சோயாவிலேயே சாக்லேட், ஏலக்காய் வாசனை சேர்த்த சின்னப் பெட்டிகளில் சர்க்கரை கொட்டிக் கிடக்கும். அன்றாடத்துக்கு இனிப்புச் சேர்க்காததையே எடுங்கள்.

நான்காம் படி: கால்சியம் சேர்த்திருக்கிறார்களா?

சோயா, பாதாம், ஓட்ஸ் எதிலும் இயல்பாகப் பாலுக்கு நிகரான கால்சியம் இல்லை. சோயா பானத்தில் இயற்கையாக 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 20 மில்லி கிராம். மற்ற இரண்டில் அதைவிடவும் குறைவு. பெட்டியில் 120 என்று போட்டிருந்தால் அது தயாரிப்பாளர் பாலைப் பார்த்துச் சேர்த்த அளவு. மூலப்பொருள் பட்டியலில் கால்சியம் கார்பனேட், ட்ரை கால்சியம் பாஸ்பேட் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சத்து அட்டவணையில் கால்சியம் என்ற வரியே இல்லை என்றால், சேர்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை விவசாயப் பொருள் என்று பெருமையாக வரும் பெட்டிகள் பலவற்றில் எதையும் சேர்ப்பதில்லை. விலை மட்டும் கூடுதலாக இருக்கும்.

எண்ணைப் படிக்கும்போது அது 100 மில்லி லிட்டருக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று கவனியுங்கள். ஒரு பெட்டியில் 240 என்றும் இன்னொன்றில் 120 என்றும் இருந்தால் முதலாவது இரட்டிப்பு என்று பொருளல்ல. முதலாவது ஒரு டம்ளருக்கான கணக்காக இருக்கலாம்.

சேர்த்த கால்சியம் பானத்தில் கரைந்திருப்பதில்லை. நுண்ணிய தூளாக மிதந்து, மெல்ல அடியில் படிகிறது. குலுக்காமல் ஊற்றினால் முதல் டம்ளர்களில் கால்சியம் குறைந்து, கடைசி டம்ளரில் மட்டும் குவியும். பெட்டி காலியானதும் கத்தரித்துப் பாருங்கள். அடியில் சுண்ணாம்பு போன்ற வண்டல் ஒட்டியிருந்தால் இத்தனை நாளும் உங்கள் பிள்ளையின் கால்சியம் அங்கேதான் இருந்தது. வாங்கியதும் ஒருமுறை குலுக்கினால் போதாது, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கவேண்டும். பாலில் உள்ள கால்சியத்தில் உடல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கால்சியம் கார்பனேட் சேர்த்த சோயாவிலும் அதற்கு நெருக்கமாகவே உறிஞ்சப்படுகிறது. பாஸ்பேட் சேர்த்ததில் சற்றுக் குறையும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தயங்கினால் கார்பனேட் உள்ளதை எடுங்கள், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: வீட்டிலேயே சோயா பானம்

ஒரு லிட்டர் பெட்டியின் விலை பாலைப்போலப் பல மடங்கு. தினமும் வாங்க முடியாத வீட்டில் புரதத்துக்கான பங்கை வீட்டிலேயே தயாரித்துவிடலாம். மஞ்சள் சோயா பீன்ஸ் 100 கிராம் எடுத்துக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் வேலூர் வெயிலுக்கு அடுப்படியில் வைத்தால் ஊறும் தண்ணீரே நுரைத்துப் புளித்துவிடும், அதனால் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைப்பது நல்லது. கையால் கசக்கித் தோலை நீக்கி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். சோயாவின் பச்சை வாடைக்குக் காரணமான நொதி இந்தச் சூட்டில் அடங்கிவிடும். பிறகு வெந்நீர் சேர்த்தே மிக்ஸியில் அரைத்து, மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டருக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, மெல்லிய துணியில் பிழியுங்கள். சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம்.

இனிமேல்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிழிந்த பானத்தை அகலமான பாத்திரத்தில் அடுப்பில் வைத்தால், உண்மையில் கொதிப்பதற்கு முன்பே நுரை குபுகுபுவென்று மேலே வரும். கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். சரியாக வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அழியாமல் இருப்பதால் குமட்டலும் வயிற்று வலியும் வரும். தீயைக் குறைத்து நுரையை அடக்கி, பிறகு மெல்லக் கொதிக்கும் நிலையில் பதினைந்து முதல் இருபது நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். நுரை தானாகத் தணிவதும், பச்சை வாடை மாறி வெந்த பருப்பின் மணம் வருவதும் வெந்ததற்கு அடையாளம். ஆறவைத்து உடனே குளிரூட்டி இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். திரிந்தாலோ புளித்த வாசனை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

நூறு கிராம் பீன்ஸில் சுமார் 36 கிராம் புரதம் உண்டு. சக்கையில் ஒரு பகுதி போனது போக, கிட்டத்தட்ட 25 கிராம் பானத்துக்கு வரும். டம்ளருக்கு ஐந்து கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால்சியம் டம்ளருக்கு 30, 40 மில்லி கிராமைத் தாண்டாது. வீட்டில் செய்த பாதாம், ஓட்ஸ் பானங்களுக்கும் இதே கதி. வீட்டில் செய்தது சுத்தமானது என்பது சரி, அதில் கால்சியம் சேரவில்லை என்பதும் சரி.

ஆறாம் படி: காட்பாடிப் பையனின் நாளை நிரப்புவோம்

பையனுக்குப் பால் ஒவ்வாமை உறுதியாகிவிட்டது, சோயா ஒத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இனிப்பில்லாத பாதாம் பானம் இரண்டு டம்ளர் என்று முடிவு செய்தால் கணக்கு இது: புரதம் 2 கிராம், கால்சியம் சேர்க்காத வகை என்றால் கால்சியம் சொற்பம். பாலில் கிடைத்த 12, 480 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன் இரண்டு டம்ளர் குடிக்கிறான் என்ற திருப்தி மட்டும் வீட்டாருக்கு மிஞ்சும்.

கால்சியம் சேர்த்த சோயா பானம் இரண்டு டம்ளர் என்றால் 12 கிராமும் 480 மில்லி கிராமும் அப்படியே கிடைக்கும், செலவு மட்டும் இடிக்கும். இந்த ஊர் வீட்டுக்கு நான் சொல்லும் வழி நடுவில் ஒன்று. காலையில் கால்சியம் சேர்த்த சோயா பானம் ஒரு டம்ளர்: 6 கிராம் புரதம், 240 மில்லி கிராம் கால்சியம். இரவில் வீட்டு சோயா பானம் ஒரு டம்ளர்: 5 கிராம், சுமார் 35 மில்லி கிராம். மீதிக் கால்சியத்துக்குக் கேழ்வரகு. வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியையும் கூழையும் யாரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. தானியங்களில் கால்சியத்துக்கு அதை மிஞ்சியது இல்லை: 100 கிராமில் சுமார் 350 மில்லி கிராம். ஐம்பது கிராம் மாவில் காய்ச்சிய கூழோ களியோ 175 தரும். மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். மதியம் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், முருங்கைக்கீரை பருப்போடு: இன்னொரு 95.

கூட்டினால் 240, 35, 175, 95. மொத்தம் 545. பருப்பும் காயும் எள்ளுருண்டையும் தருவது அதற்கு மேல். ஆனாலும் இந்தத் திட்டம் கூழ் குடிக்கும் பையனுக்குத்தான். கேழ்வரகைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கு இரண்டு டம்ளரும் கால்சியம் சேர்த்ததாகவே இருக்கவேண்டும். கூழையும் ஏற்கவில்லை, சோயாவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் கால்சியம் மருந்தைப் பற்றிக் கேட்பதே நேர்மையான வழி. ஓட்ஸ் பெட்டியை வாங்கி மனதைத் தேற்றிக்கொள்வது வழியல்ல. மாற்றிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் பார்த்துக் குறித்துவையுங்கள். வளர்ச்சி தேங்கினால் அதில்தான் முதலில் தெரியும்.

இன்னும் கவனிக்க வேண்டியவை

வைட்டமின் பி12 தாவரத்தில் இல்லை. பாலில் உண்டு. முட்டை, மீன், கறி சாப்பிடும் வீட்டில் பால் நின்றாலும் பி12 வேறு வழியில் வந்துவிடும். சுத்த சைவ வீட்டில் பாலும் தயிரும் தவிர வேறு வழியே இல்லாததால், பால் பொருள் எல்லாவற்றையும் நிறுத்தினால் பி12 சேர்த்த பானமோ மாத்திரையோ கட்டாயம். பி12 குறைவு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகலாம், அதனால் மறதியாக விட்டுவிடுகிறார்கள். வைட்டமின் ஏ, டி இரண்டையும் பட்டியலில் பாருங்கள். செறிவூட்டிய பாலில் இவை சேர்க்கப்பட்டிருக்கும். நீலச் சதுரத்தில் +F என்ற குறி இருந்தால் அந்தப் பாக்கெட் செறிவூட்டியது.

வீட்டில் பெரியவர் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், அதைச் சோயா பானத்தோடோ கால்சியம் சேர்த்த எந்தப் பானத்தோடோ விழுங்கக் கூடாது. மாத்திரை உடலில் சேராமல் தடைபடும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு, இந்தப் பானத்தை நான்கு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

காபிக்குச் சோயா பானம் ஊற்றினால் திரிகிறது என்று பலர் முறையிடுகிறார்கள். சூடான, புளிப்புத் தன்மையுள்ள டிகாக்ஷனில் குளிர்ந்த சோயாவைக் கொட்டுவதே காரணம். பானத்தைத் தனியாக வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் ஆறிய டிகாக்ஷனை அதில் மெல்ல ஊற்றுங்கள். அப்படியும் திரிந்தால் காபிக்கு மட்டும் ஓட்ஸ் பானத்தை வைத்துக்கொள்ளலாம். நுரையும் நன்றாக வரும். பெரியவர்களின் காபிக்கு அது பொருத்தமானதே. பிள்ளையின் இரவு டம்ளருக்கு மட்டும் அந்தப் பெட்டியிலிருந்து ஊற்றாதீர்கள்.